கோல்டு போடலாமா சார்? கால் சென்டர் ஸ்கோர் ஷீட்டை ஆடிட்டர் கண்ணோட படிக்கறது எப்படி

போன மாசம் சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கால் சென்டர்ல சம்பளம், டேக்ஸ் பத்தி பேசக் கூப்பிட்டிருந்தாங்க. நைட் ஷிஃப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாற்பது நிமிஷம். பழைய ரெஜிம், புது ரெஜிம்னு நான் ஸ்லைடு எல்லாம் போட்டு எடுத்துட்டுப் போனேன். ரெண்டாவது ஸ்லைடுலயே ஒரு தம்பி கையைத் தூக்கினார். "அண்ணா, டேக்ஸ் எல்லாம் அப்புறம். இந்த மாசம் என் இன்சென்டிவ் 4,000 வரணும், 1,500தான் வருது. கேட்டா குவாலிட்டி ஸ்கோர்ங்கறாங்க. மார்க் போட்டது மனுஷன் இல்ல, சிஸ்டம். யார்கிட்ட போய் சண்டை போடறது?"

ஸ்லைடை மூடி வெச்சுட்டு அவரோட ஸ்கோர் ஷீட்டைத்தான் அன்னிக்கு முழுசாப் பார்த்தோம். வாடிக்கையாளர் பேரு, நம்பர் எதுவும் இல்லாம மார்க் மட்டும் போர்டுல எழுதினோம். அந்தப் பேச்சையும், அடுத்த ரெண்டு வாரத்துல நடந்ததையும் சேர்த்து இங்க எழுதறேன். வீடியோவா பார்க்கறதைவிட, கணக்கு இருக்கறதால படிக்கறது இதுக்கு வசதி.

முதல்ல கூட்டிப் பாருங்க

ஆடிட்டர்கள் எந்தப் பேப்பர் கையில வந்தாலும் முதல்ல செய்யறது கூட்டல் சரியான்னு பார்க்கறதுதான். அப்புறம்தான் மத்ததெல்லாம். தம்பி காட்டின ஒரு காலோட ஷீட் இது. அவர் தமிழ் லைன்ல பில்லிங் புகார் எடுக்கறவர்.

```
Parameter          Weight   Score
Opening               5        5
Verification         15       15
Active Listening     10       10
Empathy              10        0
Hold Procedure       10        0
Dead Air             10        0
Resolution           25       25
Offer                 5      N/A
Closing              10       10
```

கூட்டினா 65 வருது. ஆனா ஸ்கிரீன்ல 68.4%னு இருந்தது. "சிஸ்டத்துக்குக் கூட்டக்கூடத் தெரியல"ன்னு பின்னாடி ஒருத்தர் சிரிச்சார். அப்படி இல்ல. ஆஃபர் சொல்லணும்ங்கற வரி புகார் காலுக்குப் பொருந்தாது, அதனால N/A. பொருந்தாத வரியோட வெயிட் மொத்தத்துல இருந்து கழியும். 100ல 5 போக 95. அதுல 65 வாங்கியிருக்கார்.

```
65 / 95 = 68.4%
```

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, N/A வர வேண்டிய இடத்துல 0 வந்திருந்தா, நீங்க செய்யவே தேவையில்லாத வேலைக்கு மார்க் போயிருக்கும். அது இன்னும் மோசம், ஏன்னா ஷீட்ல அது சாதாரணத் தப்பு மாதிரிதான் தெரியும். உங்க ப்ராசஸ் டாக்குமென்ட்ல எந்த மாதிரி காலுக்கு எந்த வரி N/Aன்னு பெரும்பாலும் எழுதியிருக்கும். அந்த ஒரு பக்கத்தைப் படிச்சு வெச்சுக்குங்க. இந்தத் தம்பி விஷயத்துல N/A சரியாவே இருந்தது. அப்போ போன 30 மார்க் மூணு வரியில: எம்பதி, ஹோல்டு, டெட் ஏர்.

சிஸ்டம் சொல்ற 'இல்லை' ரெண்டு வகை

மார்க் போடற சிஸ்டம் பெரும்பாலும் உங்க குரலைக் கேட்டு மார்க் போடறதில்ல. இது பல பேருக்குத் தெரியல. முதல்ல ஒரு சாஃப்ட்வேர் உங்க பேச்சை எழுத்தாக்கும். அந்த எழுத்தைப் படிச்சுதான் அடுத்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு கேள்விக்கும் ஆமா, இல்லை போடும். நீங்க பேசினது சரியா இருந்தும் எழுத்து தப்பா வந்தா, மார்க் எழுத்தைப் பார்த்துத்தான் வரும். கூடவே அமைதியா இருந்த நேரம், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசின நேரம் மாதிரி சிலதை நேரடியா ஒலியில இருந்து அளக்கும்.

அதனால 'இல்லை'ன்னு வந்தா, அது எந்த 'இல்லை'ன்னு பிரிங்க. முதல் வகை, "அந்த வாக்கியமே கிடைக்கலை". இதுக்கு ஷீட்ல ஆதாரம் காட்டற இடம் காலியா இருக்கும், இல்லன்னா கிடைக்கலைன்னு எழுதியிருக்கும். ரெண்டாவது வகை, "வாக்கியம் கிடைச்சது, ஆனா போதாது". இதுல நீங்க சொன்ன வரியை எடுத்துப் போட்டு, ஏன் போதாதுன்னு ஒரு காரணமும் இருக்கும்.

முதல் வகைக்கு ரெக்கார்டிங்கைக் கேட்கணும், ஏன்னா சந்தேகம் எழுத்து மேல. ரெண்டாவது வகைக்கு ரூல் புக்கைத் திறக்கணும், ஏன்னா சந்தேகம் விதி மேல. இதை மாத்திச் செஞ்சா டிஸ்ப்யூட் தோத்துடும். "நான் நல்லாத்தான் பேசினேன்"னு எழுதறவங்க எல்லாம் இந்தப் பிரிவைப் பார்க்காதவங்க.

தம்பியோட எம்பதி வரி ரெண்டாவது வகை. வாடிக்கையாளர் "மூணாவது தடவை கால் பண்றேன்"னு சொல்லியிருக்கார். இவர் உடனே "ஓகே சார், ரெஜிஸ்டர்டு மொபைல் நம்பர் சொல்லுங்க"ன்னு போயிட்டார். சிஸ்டம் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டியிருந்தது. தம்பி இதையும் சேர்த்து டிஸ்ப்யூட் போடலாம்னு நினைச்சார். நான் வேண்டாம்னேன். அது நியாயமான பூஜ்யம். அதை விட்டுக்கொடுத்தா மத்த ரெண்டுக்கும் நம்ம பேச்சு எடுபடும்.

ஹோல்டு வரி முதல் வகை. ஆதாரம் காலி. "ஹோல்டுக்கு முன் அனுமதி கேட்கப்படவில்லை"ன்னு மட்டும் இருந்தது. எழுத்து வடிவத்துல 4:05 பக்கம் போய்ப் பார்த்தோம். இப்படி இருந்தது:

"சார் ஒரு நிமிஷம் கோல்டு போடலாமா செக் பண்ணிட்டு வரேன்"

அரங்கமே சிரிச்சுடுச்சு. ஹோல்டு, கோல்டு ஆயிடுச்சு. பில்லிங் புகார்ல நடுவுல யாரோ நகைக்கடை திறந்திருக்காங்கன்னு சிஸ்டம் நினைச்சிருக்கும். ஹெட்செட் மைக்ல 'ஹ' சத்தம் லேசாத்தான் விழும். தமிழும் இங்கிலீஷும் கலந்து வர்ற வாக்கியத்துல இந்த மாதிரி சறுக்கல் அதிகம். நாம கேட்டா புரிஞ்சுடும், ஏன்னா அடுத்து என்ன நடக்கப் போகுதுன்னு நமக்குத் தெரியும்.

ஒரே விஷயத்துக்கு ரெண்டு அடி

இப்ப டெட் ஏர். 4:12ல இருந்து 5:48 வரைக்கும், மொத்தம் 96 செகண்டு அமைதின்னு இருந்தது. இவங்க ப்ராசஸ்ல 15 செகண்டுக்கு மேல காரணம் சொல்லாம அமைதியா இருந்தா டெட் ஏர்.

ஆனா அந்த 96 செகண்டு கால் ஹோல்டுல இருந்தது. வாடிக்கையாளர் பாட்டு கேட்டுட்டு இருந்தார், அந்தப் பாட்டு ரெக்கார்டிங்ல பதிவாகல. இவங்க சிஸ்டம்ல அப்படித்தான். பேச்சை அளக்கற சாஃப்ட்வேருக்கு அது வெறும் மௌனம். அனுமதி கேட்ட வாக்கியத்தைச் சிஸ்டம் பிடிச்சிருந்தா, அந்த மௌனத்தை ஹோல்டுன்னு எடுத்து விட்டிருக்கும். வாக்கியம் 'கோல்டு' ஆனதால ஹோல்டு வரியில 10, டெட் ஏர் வரியில 10, ஒரே தப்புக்கு ரெண்டு தடவை போச்சு.

இதை எப்படி நிரூபிக்கறது? ரெக்கார்டிங்கை மட்டும் கேட்கச் சொன்னா, கேட்கறவருக்கும் மௌனம்தான் கேட்கும். இங்கதான் ஆடிட் பழக்கம் உதவும். ஒரு கம்பெனியோட பேங்க் பேலன்ஸை அந்தக் கம்பெனி புத்தகத்தை மட்டும் பார்த்து நாங்க ஒத்துக்க மாட்டோம், பேங்க்ல இருந்து தனியாக் கேட்போம். அதே மாதிரி, மார்க் போடற சிஸ்டம் வேற, காலை இணைக்கற டயலர் வேற. ஹோல்டு பட்டனை நீங்க அழுத்தினது டயலர் லாக்ல நேரத்தோட விழும். தம்பியோட டி.எல். அந்த லாக்கை எடுத்துக் காட்டினார். Hold Time: 00:01:36. அதாவது 96 செகண்டு. ரெண்டு வேற வேற சிஸ்டம் செகண்டு மாறாம ஒரே நேரத்தைச் சொல்லுது. இனி இது கருத்து வேறுபாடு இல்ல, ரீகன்சிலியேஷன்.

ரெண்டும் திரும்ப வந்தா அந்தக் காலோட மார்க் என்ன ஆகும்?

```
85 / 95 = 89.5%
```

68.4ல இருந்து 89.5. தம்பி முகத்துல வெளிச்சம். உடனே டிஸ்ப்யூட் போடறேன்னு கிளம்பிட்டார். இருங்க, இன்னும் ஒரு கணக்கு இருக்குன்னு உட்கார வெச்சேன். அன்னிக்குப் பேசினதுலயே முக்கியமானது அந்தக் கணக்குதான்.

ஒரு காலுக்கு சண்டை போட்டா என்ன கிடைக்கும்?

முன்னாடி எல்லாம் ஒரு ஆளுக்கு மாசம் அஞ்சு கால் மாதிரி எடுத்து குவாலிட்டி டீம்ல இருக்கற ஒருத்தர் கேட்டு மார்க் போடுவார். அஞ்சு காலோட சராசரிதான் உங்க ஸ்கோர். அதுல ஒரு கால் 21 மார்க் ஏறினா, சராசரி நாலு மார்க்குக்கு மேல ஏறும். அதனால சீனியர்கள் எல்லாம் "ஒவ்வொரு காலுக்கும் ஃபைட் பண்ணு"ன்னு சொல்லிக் கொடுத்தாங்க. அந்தக் காலத்துக்கு அது சரியான அட்வைஸ்.

இப்ப சிஸ்டம் எல்லா காலுக்கும் மார்க் போடுது. தம்பிக்கு அந்த மாசம் 320 கால். சராசரி 82.6. இன்சென்டிவ் கேட் 85. ஒரு கால் ஜெயிச்சா:

```
21 / 320 = 0.07
```

82.6 போய் 82.67 ஆகும். அவ்வளவுதான். ஒரு டிஸ்ப்யூட் எழுத அரை மணி நேரம், அது நாலு நாள் சுத்தி, ஜெயிச்சு, கடைசியில இன்சென்டிவ் அதே 1,500.

எங்க பாஷையில இதுக்கு மெட்டீரியாலிட்டின்னு பேரு. தப்பா சரியாங்கறது ஒரு கேள்வி. அது கடைசி நம்பரை மாத்துமாங்கறது வேற கேள்வி. 2.4 மார்க் வேணும்னா, ஒரு காலைத் தேடாதீங்க, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வர்ற தப்பைத் தேடுங்க. மெஷின்கிட்ட ஒரு நல்ல குணம், தப்பு பண்ணினா ஒரே மாதிரி பண்ணும். மனுஷன் திங்கட்கிழமை கோபத்துல ஒரு மாதிரி, வெள்ளிக்கிழமை வேற மாதிரி மார்க் போடுவார். மெஷினுக்கு 'ஹோல்டு' ஒரு தடவை 'கோல்டு'ன்னு கேட்டா, உங்க குரல்ல, உங்க ஹெட்செட்ல, அது பல தடவை கோல்டுதான்.

அடுத்த நாள் தம்பி டேஷ்போர்டுல ஃபில்டர் போட்டார். Hold Procedure வரியில 0 வந்த கால் மட்டும். 60 கால் வந்தது. அறுபதையும் கேட்க நேரம் கிடையாது. நான் சொன்னது, தேதி வரிசையில அடுக்கி ஒவ்வொரு நாலாவது காலையும் எடுங்க. 15 கால் வரும். உங்களுக்குச் சாதகமா இருக்கும்னு தோணற காலைப் பொறுக்கி எடுக்காதீங்க, அப்படி எடுத்தா குவாலிட்டி டீம் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடும். ஒவ்வொரு கால்லயும் ஹோல்டுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், பின்னாடி அரை நிமிஷம் கேட்டாப் போதும்.

பதினஞ்சுல பதினொண்ணு 'கோல்டு' கேஸ், தெளிவா அனுமதி கேட்டிருக்கார். மூணுல இவர் நிஜமாவே கேட்கல, "ஒரு நிமிஷம் சார்"னு சொல்லிட்டு பட்டனை அழுத்திட்டார். ஒண்ணுல பின்னாடி சத்தம் அதிகம், என்ன சொன்னார்னு அவருக்கே புரியல.

பதினஞ்சுல பதினொண்ணுன்னா அறுபதுல சுமார் 44. ஒவ்வொண்ணுலயும் 20 மார்க் போயிருந்தா:

```
44 * 20 / 320 = 2.75
```

82.6 கூட 2.75 சேர்த்தா 85.35. கேட்டைத் தாண்டும். இப்பத்தான் டிஸ்ப்யூட் எழுதறதுல அர்த்தம் இருக்கு.

என்ன எழுதினார்

அவங்க டிஸ்ப்யூட் விண்டோ அஞ்சு வேலை நாள். மாசத்தோட முதல் பாதி கால் எல்லாம் அந்தக் கெடுவைத் தாண்டிப் போயிருந்தது. அதனால தனித்தனி டிஸ்ப்யூட்டா போட்டிருந்தா பாதி தானாவே ரிஜெக்ட் ஆகியிருக்கும். பேச்சுக்கு அப்புறம் டி.எல்.கிட்ட பேசி வேற வழியா போனாங்க. கெடுவுக்குள்ள இருந்த கால்களை முறைப்படி டிஸ்ப்யூட் போட்டு, கூடவே குவாலிட்டி டீமுக்கு டி.எல். வழியா ஒரு மெயில். மெயிலோட தலைப்புல டிஸ்ப்யூட்ங்கற வார்த்தையே இல்ல. கேலிப்ரேஷன் கேட்டாங்க. மனுஷன் போடற மார்க்கும் சிஸ்டம் போடற மார்க்கும் ஒத்துப் போகுதான்னு குவாலிட்டி டீம் அப்பப்ப சரிபார்க்கறதுக்குப் பேருதான் கேலிப்ரேஷன். அது அவங்க வேலையிலயே இருக்கு.

மெயில் இங்கிலீஷ்ல போச்சு. அதோட சாரம் இது: "ஹோல்டு வரியில 60 கால் 0. தேதி வரிசையில ஒவ்வொரு நாலாவதும், மொத்தம் 15 கால் கேட்டோம். 11ல அனுமதி கேட்கப்பட்டிருக்கு, எழுத்து வடிவத்துல 'ஹோல்டு' என்பது 'கோல்டு'ன்னு வந்திருக்கு. 3ல தப்பு என்னுடையது, ஒத்துக்கறேன். 1 தெளிவில்லை. கால் ஐ.டி.யும் நேரமும் இணைப்பில். டயலர் ஹோல்டு நேரமும் டெட் ஏர் நேரமும் பக்கத்துப் பக்கத்துல கொடுத்திருக்கோம். அறுபதையும் மறுபடி மதிப்பிடக் கேட்கிறோம்."

இதுல "அநியாயம்"னு ஒரு வார்த்தை இல்ல, கவனிச்சீங்களா? தம்பி முதல்ல எழுதின டிராஃப்ட்ல மூணு தடவை இருந்தது. அந்த மெயிலைப் படிக்கறவர் மார்க் போடல, மெஷின் போட்டது. அவரை எதிரியாக்கி நமக்கு என்ன லாபம்?

இன்னொண்ணு, இதை எல்லா ஊர்லயும் சொல்லணும். ஆதாரம்னு சொல்லி ரெக்கார்டிங்கை உங்க மொபைல்ல பிடிக்காதீங்க, ஸ்கிரீனை போட்டோ எடுக்காதீங்க, வாட்ஸ்அப்ல எனக்கு அனுப்பாதீங்க. அது வாடிக்கையாளரோட தகவல். 20 மார்க் மீட்கப் போய் டேட்டா கசிவுன்னு வேலையே போகும். கால் ஐ.டி., நிமிஷம், செகண்டு போதும். ரெக்கார்டிங் அவங்ககிட்டயே இருக்கு.

எட்டு வேலை நாள்ல பதில் வந்தது. சிஸ்டத்தோட சொல் பட்டியல்ல 'கோல்டு போடலாமா', 'கோல்டுல வைக்கலாமா' மாதிரி வடிவங்களைச் சேர்த்து அறுபதையும் மறுபடி ஓட்டியிருக்காங்க. ஹோல்டு வரி 42 கால்ல திருந்தியது. டெட் ஏர் 39ல மட்டும் திருந்தியது, ஏன்னா மிச்சம் மூணுல வேற இடத்துல நிஜமான டெட் ஏர் இருந்திருக்கு. நான் போட்ட கணக்கை விடக் கொஞ்சம் குறைவு.

```
(42 * 10 + 39 * 10) / 320 = 2.53
82.6 + 2.53 = 85.13
```

N/A வந்த கால்கள்ல மொத்தம் 95 என்பதால நிஜ நம்பர் ஒரு துளி கூட வந்தது, 85.2. கேட்டைத் தொட்டுத் தாண்டிச்சு. அந்த மூணு கால்ல தப்பை ஒத்துக்காம அறுபதுமே சிஸ்டம் தப்புன்னு எழுதியிருந்தா, முதல்ல திறந்து பார்த்த கால்லயே மெயில் செத்திருக்கும்.

தனியா போட வேண்டிய ஒரே டிஸ்ப்யூட்

ஒரு காலுக்கு சண்டை போடாதீங்கன்னு சொன்னேன், அதுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபேட்டல். வெரிஃபிகேஷன் செய்யாம அக்கவுன்ட் விவரம் சொன்னா, தப்பான தகவல் கொடுத்தா, மொத்தக் காலும் 0. சராசரியில 320ல ஒரு கால் 0 ஆனாலும் கால் மார்க் அளவுதான் குறையும். ஆனா பல இடங்கள்ல ஒரு ஃபேட்டல் வந்தாலே அந்த மாச இன்சென்டிவ் கட், கூட வார்னிங் லெட்டர். அதனால ஃபேட்டல் வந்த அன்னிக்கே பாருங்க.

முதல்ல பார்க்க வேண்டியது, யார் பேசினதா எழுதியிருக்குங்கறது. உங்க குரலும் வாடிக்கையாளர் குரலும் தனித்தனி தடத்துல பதிவானா பிரச்சனை இல்ல. ஒரே தடத்துல பதிவானா, இது யார் குரல்னு சாஃப்ட்வேர் ஊகிக்கும், சில சமயம் மாத்திப் போட்டுடும். அப்ப நீங்க கேட்ட "டேட் ஆஃப் பர்த் சொல்லுங்க" வாடிக்கையாளர் கணக்குல போயிடும், நீங்க வெரிஃபிகேஷனே செய்யலைன்னு ஆயிடும். கண்டுபிடிக்கறது ஈஸி. எழுத்து வடிவத்துல முதல் வரியைப் பாருங்க. கம்பெனி பேரைச் சொல்லி வரவேற்கறது Customer பக்கத்துல இருந்தா, அந்தக் கால்ல எல்லாமே தலைகீழ்.

இன்னொரு இடம், கார்டு பேமென்ட் எடுக்கற கால்கள். சி.வி.வி. நம்பரைச் சேமிச்சு வைக்கக் கூடாதுங்கறது கார்டு துறையோட பாதுகாப்பு விதி. அதனால அந்தக் கட்டத்துல ரெக்கார்டிங்கை நிறுத்திட்டுத் திரும்ப ஆரம்பிப்பாங்க. அந்த இடைவெளியில நீங்க சொல்ல வேண்டிய ஏதாவது வரியைச் சொல்லியிருந்தா, அது ரெக்கார்டுலயே இருக்காது. கேட்டாலும் நிரூபிக்க முடியாது. கட்டாயம் சொல்ல வேண்டிய வரியை நிறுத்தறதுக்கு முன்னாடியோ, திரும்ப ஆரம்பிச்ச அப்புறமோ சொல்லிடுங்க. இதுக்கு டிஸ்ப்யூட்ல மருந்து கிடையாது.

கேள்வி நேரத்துல வந்தது

ஒரு தங்கச்சி கேட்டாங்க, "அடிக்கடி டிஸ்ப்யூட் போட்டா பிரச்சனை பண்ற ஆளுன்னு பேர் வராதா?" வரலாம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா போட்டது எத்தனைங்கறதை விட, போட்டதுல எத்தனை ஜெயிச்சதுன்னுதான் பெரும்பாலும் பேசுவாங்க. பத்து போட்டு ஒண்ணு ஜெயிக்கறவருக்கும், ரெண்டு போட்டு ரெண்டும் ஜெயிக்கறவருக்கும் வித்தியாசம் இருக்கு. எம்பதி மாதிரி வரிகளைத் தொடாதீங்கன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். அதுல நியாயம் உங்க பக்கம் இருந்தாலும், டயலர் லாக் மாதிரி வெளி ஆதாரம் கிடைக்காது.

இன்னொருத்தர், "எப்ப பார்க்கணும்?"னு கேட்டார். வாரம் ஒரு தடவை, பதினஞ்சு நிமிஷம். ஒவ்வொரு வரியிலயும் எத்தனை 0ன்னு மட்டும் எண்ணுங்க. போன வாரம் 4, இந்த வாரம் 15ன்னா, நீங்க மாறியிருக்கீங்க, இல்ல சிஸ்டம் மாறியிருக்கு. ஹெட்செட் மாத்தின வாரம், சீட் மாறின வாரம், சாஃப்ட்வேர் அப்டேட் வந்த வாரம் இதெல்லாம் குறிச்சு வைங்க. அஞ்சு நாள் விண்டோ இருக்கறப்ப மாசக் கடைசியில பார்த்தா முக்கால்வாசி போயிருக்கும்.

டேக்ஸ் பத்தி ஒரே ஒரு கேள்விதான் வந்தது, அதுவும் தம்பிகிட்ட இருந்துதான். மீதி 2,500 அடுத்த மாச பே ஸ்லிப்ல Incentive Arrears-னு தனி வரியா வந்திருக்கு, இதுக்குத் தனி டேக்ஸ் உண்டான்னு கேட்டு மெசேஜ் போட்டிருந்தார். இல்ல. இன்சென்டிவும் சம்பளம்தான், எந்த மாசம் வந்தாலும் அந்த வருஷ சம்பளத்தோட சேரும். புது ரெஜிம்ல 2025-26 நிதியாண்டுல இருந்து சம்பளக்காரங்களுக்கு ஸ்டாண்டர்டு டிடக்ஷன் 75,000 சேர்த்து 12.75 லட்சம் வரை டேக்ஸ் வராது. அவர் சம்பளம் அதுக்கு ரொம்பக் கீழ.

அதே மெசேஜ்ல கடைசி வரி: "அண்ணா, இப்பல்லாம் ஹோல்டுன்னே சொல்றதில்ல. 'லைன்ல கொஞ்சம் காத்திருக்க முடியுமா சார்'னு கேட்கறேன். போன வாரம் ஹோல்டு வரியில 0 ரெண்டே ரெண்டு. ரெண்டும் நான் பண்ணதுதான்."